மாதத்துக்கு மாதம் மாறும் அடக்க விலை: அறிகுறியை வைத்துக் காரணம் காணும் முறை

கேள்வி: நாங்கள் குடை செய்யும் தொழிற்கூடம் நடத்துகிறோம். ஆண்டு முழுவதும் அதே துணி, அதே கம்பி, அதே தையல்தான். ஆனால் மாத இறுதிக் கணக்கில் ஒரு குடையின் அடக்க விலை ஒரு மாதம் 165 என்று வருகிறது, இன்னொரு மாதம் 225 என்று வருகிறது. எந்த எண்ணை நம்பி விலை சொல்வது? தவறு கணக்கில் இருக்கிறதா, தொழிலில் இருக்கிறதா?

பதில்: பருவகாலத் தொழிலில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலான நேரங்களில் குடை செய்வதற்கான செலவு மாறியிருக்காது. செலவை வகுக்கும் எண்ணிக்கைதான் மாறியிருக்கும். ஆனால் எல்லா ஏற்ற இறக்கத்துக்கும் அது ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட்டால், உண்மையான இழப்பு ஒன்று அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். எனவே அடக்க விலை எந்த வடிவத்தில் ஆடுகிறது என்பதை முதலில் பார்த்து, அந்த வடிவத்துக்கு உரிய காரணங்களை எளியதிலிருந்து தொடங்கிச் சோதிக்க வேண்டும். கீழே உள்ள தொகைகளை எந்த நாணயத்திலும் கொள்ளலாம்.

சோதனையைத் தொடங்கும் முன் கடந்த 12 மாதங்களுக்கும் மூன்று எண்களைத் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மாதத்தில் முடிந்த குடைகளின் எண்ணிக்கை, குடை கூடினால் கூடவும் குறைந்தால் குறையவும் செய்யும் செலவுகளின் மொத்தம், ஒரு குடைகூடச் செய்யாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவுகளின் மொத்தம். துணி, கம்பி, எண்ணிக்கைக்குக் கொடுக்கும் கூலி ஆகியவை இரண்டாவது வகை. வாடகை, இயந்திரத் தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம், காப்பீடு ஆகியவை மூன்றாவது வகை. இவற்றை இனி மேற்செலவு என்று குறிப்பிடுகிறேன். இந்த மூன்று வரிசைகளும் கையில் இல்லாமல் வெறும் அடக்க விலையை மட்டும் பார்த்துக் காரணம் தேடுவது வீண் வேலை.

## அறிகுறி 1: உற்பத்தி கூடும்போது அடக்க விலை இறங்குகிறது, குறையும்போது ஏறுகிறது

அடக்க விலையையும் குடைகளின் எண்ணிக்கையையும் அடுத்தடுத்து வரைந்தால் ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வடிவமாகத் தெரியும். உச்ச மாதங்களில் மிகக் குறைந்த அடக்கமும் மந்த மாதங்களில் மிக உயர்ந்த அடக்கமும் வரும். இடைப்பட்ட மாதங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

### முதலில் பார்க்க வேண்டிய காரணம்: மாத மேற்செலவை அந்தந்த மாத எண்ணிக்கையால் வகுப்பது

உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு எண்களும் எப்படி வரக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஆண்டில் நான்கு உச்ச மாதங்களில் மாதத்துக்கு 20,000 குடைகளும், நான்கு நடுத்தர மாதங்களில் 6,000 குடைகளும், நான்கு மந்த மாதங்களில் 4,000 குடைகளும் செய்யப்படுகின்றன. ஆக ஆண்டுக்கு 1,20,000 குடைகள். ஒரு குடைக்குப் பொருள் 110, கூலி 40, மொத்தம் 150. மேற்செலவு எல்லா மாதமும் 3,00,000. உச்ச மாதத்தில் அந்த 3,00,000 தொகை 20,000 குடைகளின் மேல் பரவி ஒன்றுக்கு 15 ஆகிறது, அடக்கம் 165. மந்த மாதத்தில் அதே தொகை 4,000 குடைகளின் மேல் அமர்ந்து ஒன்றுக்கு 75 ஆகிறது, அடக்கம் 225. இரண்டு மாதங்களிலும் மேற்செலவுக்காகத் தொழிற்கூடம் ஒரு பைசாகூடக் கூடுதலாகவோ குறைவாகவோ செலவழிக்கவில்லை.

இதுதான் காரணமா என்பதை உறுதி செய்ய, மிகக் கூடிய உற்பத்தி உள்ள மாதத்தையும் மிகக் குறைந்த உற்பத்தி உள்ள மாதத்தையும் எடுத்து, மொத்தச் செலவின் வேறுபாட்டை எண்ணிக்கையின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும்.

```
(33,00,000 - 9,00,000) / (20,000 - 4,000) = 150
9,00,000 - (4,000 x 150) = 3,00,000
```

முதல் வரியின் விடை, ஒரு கூடுதல் குடைக்கு ஆகும் செலவு. இரண்டாவது வரியின் விடை மாத மேற்செலவு. இந்த இரண்டும் நீங்கள் தனித்தனியாக எழுதி வைத்த எண்களோடு ஏறத்தாழ ஒத்துப்போனால், ஏற்ற இறக்கம் முழுவதும் வகுத்தலிலிருந்து வந்ததுதான். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த காரணத்துக்குச் செல்லுங்கள். இரண்டே மாதங்களை வைத்துச் செய்யும் கணக்கு என்பதால், அவற்றில் ஒன்று வேலைநிறுத்தம், பெரிய பழுது போன்றவற்றால் கெட்ட மாதமாக இருந்தால் விடையும் கெட்டுவிடும். அத்தகைய மாதத்தை விலக்கி அடுத்ததை எடுங்கள்.

திருத்தம் எளிது. ஆண்டின் தொடக்கத்திலேயே, ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் மேற்செலவை ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் வகுத்து ஒரே விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். இங்கே 36,00,000 தொகையை 1,20,000 குடைகளால் வகுத்தால் ஒன்றுக்கு 30. எந்த மாதத்தில் செய்த குடையாக இருந்தாலும் அதன் மேல் 30 ஏற்றப்படும். அடக்கம் எல்லா மாதமும் 180. மந்த மாதத்தில் 4,000 குடைகளின் மேல் 1,20,000 மட்டுமே ஏறும், செலவானதோ 3,00,000, மீதி 1,80,000 குறைவாக ஏற்றியதாகத் தனிக் கணக்கில் நிற்கும். உச்ச மாதத்தில் 6,00,000 ஏறும். அங்கே 3,00,000 கூடுதலாக ஏற்றியதாக நிற்கும். ஆண்டு முடிவில் நான்கு மந்த மாதங்களின் 7,20,000 பற்றாக்குறையும் நான்கு நடுத்தர மாதங்களின் 4,80,000 பற்றாக்குறையும், நான்கு உச்ச மாதங்களின் 12,00,000 மிகையோடு நேர் செய்யப்பட்டுவிடும்.

இந்தத் திருத்தத்தை வெறும் கணக்கு அழகுக்காகச் செய்யச் சொல்லவில்லை. 225 என்ற எண் மேசையில் இருக்கும் மாதத்தில்தான் மோசமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மந்த மாதத்தில் ஒருவர் 2,000 குடைகளை ஒன்று 190 என்ற விலைக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் அடக்கம் 225. குடைக்கு 35 இழப்பு என்று சொல்லி மறுத்துவிடத் தோன்றும். அந்த ஆர்டரையும் சேர்த்து 6,000 குடைகளுக்கு மீண்டும் வகுத்துப் பார்த்தாலும் அடக்கம் 200 என்றுதான் வரும். அப்போதும் இழப்பு என்றே தாள் சொல்லும். உண்மையில் அந்த 2,000 குடைகளுக்காகக் கூடுதலாகச் செலவாவது ஒன்றுக்கு 150, வரவு 190, வேறு வழியில் வராத 80,000 மேற்செலவுக்கு உதவியாக வருகிறது. மறுத்தால் அந்த 80,000 போகும், வாடகையோ அப்படியே நிற்கும்.

இதை வைத்து 150க்கு மேல் எந்த விலையும் நல்ல விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திரமும் ஆட்களும் சும்மா இருக்கும் மாதத்துக்கு மட்டுமே அந்த வாதம் பொருந்தும். அதே வாங்குபவர் உச்ச மாதத்திலும் 190 விலையையே கேட்பாரானால், அல்லது மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த விலை தெரிந்துவிடுமானால், இழப்பு அடுத்த பருவத்தில் வரும். ஆண்டு முழுவதற்குமான விலைப்பட்டியலுக்கு 180தான் அடித்தளம். மந்த மாதத்தின் தனி ஆர்டருக்கு 150க்கு மேல் எவ்வளவு கிடைக்கிறது என்பதே கேள்வி. 225, 165 ஆகிய இரண்டும் எந்த முடிவுக்கும் உதவாத எண்கள்.

### அடுத்த காரணம்: மேற்செலவு என்று எழுதியதில் ஒரு பகுதி நிலையாக இல்லை

மேலே சொன்ன இரண்டு வரிக் கணக்கில் 150க்குப் பதிலாக 158 வந்தால், மேற்செலவில் சேர்த்த மின்கட்டணம், பொதியட்டை, இயந்திர எண்ணெய் போன்றவை எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுகின்றன என்று பொருள். ஒவ்வொரு மேற்செலவுக் கணக்கின் 12 மாதத் தொகைகளையும் குடை எண்ணிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடவே ஏறி இறங்குவதை மாறும் செலவுக்கு நகர்த்துங்கள். மின்கட்டணம் போன்றவற்றில் அடிப்படைக் கட்டணம் ஒரு பகுதியாகவும் பயன்பாட்டுக் கட்டணம் மறுபகுதியாகவும் இருக்கும். அவற்றை இரண்டாகப் பிரித்தே எழுத வேண்டும். உச்ச மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் கூடுதல் கிடங்கு, கூடுதல் மேற்பார்வையாளர் ஆகியவை படியாக ஏறும் செலவுகள். இவை ஒரு குடைக்கு இவ்வளவு என்று வளர்வதில்லை, ஆனால் ஆண்டு மேற்செலவில் கட்டாயம் சேர வேண்டும். இவற்றை விட்டுவிட்டு மந்த மாதத்து 3,00,000 தொகையை 12 ஆல் பெருக்குவதுதான் விகிதம் குறைவாக அமைவதற்கு வழக்கமான காரணம்.

### அரிதான காரணம்: குடைகள் ஒரே வகையானவை அல்ல

மந்த மாதத்தில் விலை உயர்ந்த மடக்குக் குடைகளும் உச்ச மாதத்தில் எளிய நீளக் குடைகளும் கூடுதலாகச் செய்யப்பட்டால், எல்லாவற்றையும் சேர்த்து வகுக்கும் சராசரி தானாகவே ஏறி இறங்கும். வகைவாரியாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு வகையின் அடக்கமும் நிலையாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மேற்செலவைக் குடை எண்ணிக்கைக்குப் பதிலாகத் தையல் நேரத்தின் அடிப்படையில் ஏற்றுவது அப்போது பொருத்தமாக இருக்கும்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: வகைகள் பத்துக்கு மேல் போய், ஒரே இயந்திரங்களை எல்லா வகைகளும் பகிர்ந்துகொள்ளும்போது எந்த அடிப்படையில் ஏற்றுவது என்பதை ஒரு செலவுக் கணக்காளர் ஒருமுறை வந்து நிர்ணயித்துக் கொடுப்பது நல்லது. அதன் பிறகு ஆண்டுதோறும் எண்களை நீங்களே புதுப்பித்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 2: ஒரு மாதம் மட்டும் துள்ளி ஏறுகிறது, அடுத்த மாதம் அளவுக்கு மீறி விழுகிறது

இந்த வடிவம் உற்பத்தி எண்ணிக்கையைப் பின்பற்றாது. பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில்தான் இது பெரும்பாலும் தோன்றும். அதனால்தான் மந்த மாதத்து உயர்வு என்று தவறாக எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

முதல் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். துள்ளிய மாதத்தையும் அடுத்த மாதத்தையும் சேர்த்து, இரண்டு மாதப் பொருள் செலவை இரண்டு மாதக் குடைகளால் வகுத்துப் பாருங்கள். நடுத்தர மாதமொன்றில் 6,000 குடைகளுக்குப் பொருள் செலவு 12,10,000 என்றும், அடுத்த உச்ச மாதத்தில் 20,000 குடைகளுக்கு 16,50,000 என்றும் பதிவாகியிருந்தால், முதல் மாதத்தில் ஒன்றுக்கு ஏறத்தாழ 202 வரும், இரண்டாவது மாதத்தில் 82.50 வரும். இரண்டையும் சேர்த்தால் 28,60,000 தொகைக்கு 26,000 குடைகள், ஒன்றுக்கு 110. சேர்த்த எண் வழக்கமான அளவுக்கு வந்துவிட்டதால், செலவு உண்மையில் கூடவில்லை; 5,50,000 மதிப்புள்ள துணி தவறான மாதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

காரணம், வாங்கிய மாதத்தையே பயன்படுத்திய மாதமாகக் கொள்வது. பருவத்துக்காக முன்கூட்டியே வாங்கிய துணி கிடங்கில் இருக்கும்போதே செலவாக எழுதப்பட்டுவிடுகிறது. மாதத்தின் கடைசி நாள் கிடங்கில் உள்ள துணியை எண்ணி, தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி அதிலிருந்து இறுதி இருப்பைக் கழித்தால் வருவதே அந்த மாதத்தின் பொருள் செலவு. எல்லாப் பொருள்களையும் எண்ண முடியாவிட்டால், செலவில் பெரும் பங்கு வகிக்கும் துணியையும் கம்பிச் சட்டத்தையும் மட்டுமாவது ஒவ்வொரு மாதமும் எண்ணுங்கள். நூலையும் பொத்தானையும் காலாண்டுக்கு ஒருமுறை எண்ணினால் போதும்.

துணி சரியாக எண்ணப்பட்டும் துள்ளல் நீடித்தால், முடியாத குடைகளைப் பாருங்கள். பருவத்துக்கு முந்தைய மாத இறுதியில் வெட்டிய துணியும் பாதி தைத்த குடைகளும் தளம் முழுவதும் குவிந்திருக்கும். அவற்றின் துணியும் கூலியும் அந்த மாதச் செலவில் ஏறிவிட்டன. ஆனால் முடிந்த குடைகளின் எண்ணிக்கையில் அவை இல்லை. 3,000 குடைகள் துணி முழுவதும் வெட்டி, தையல் பாதியில் நின்றால், பொருளுக்கு அவற்றை 3,000 என்றும் கூலிக்கு 1,500 என்றும் எண்ணி வகுக்கும் எண்ணோடு சேர்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் முந்தைய மாதத்திலிருந்து வந்த முடியாத குடைகளை அதே முறையில் கழித்துவிட வேண்டும். குவியல் எல்லா மாதமும் ஒரே அளவில் இருந்தால் இந்தத் திருத்தத்தால் பெரிய மாற்றம் வராது. பருவகாலத் தொழிலில் அது ஒரே அளவில் இருப்பதில்லை என்பதே சிக்கல்.

மூன்றாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பில்லைத் தேடுங்கள். ஆண்டுக் காப்பீடு 2,40,000 முழுவதும் மந்த மாதம் ஒன்றில் எழுதப்பட்டால், மாதத்துக்கு 20,000 என்ற நியாயமான பங்கைவிட 2,20,000 கூடுதலாக 4,000 குடைகளின் மேல் விழுந்து, அடக்கத்தை ஒன்றுக்கு 55 உயர்த்திவிடும். ஆண்டுப் பராமரிப்பும் பெரும்பாலும் மந்த மாதத்தில்தான் நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் இயந்திரத்தை நிறுத்த முடியும். ஆனால் அந்தப் பராமரிப்பு உச்ச மாத உற்பத்திக்காகவே செய்யப்படுகிறது. அதை ஆண்டு விகிதத்துக்குள் கொண்டுவந்தால் துள்ளல் மறைந்துவிடும்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: இரண்டு மாதம் சேர்த்தும், மூன்று மாதம் சேர்த்தும் பொருள் செலவு 110க்கு இறங்கவில்லை, கிடங்கில் எண்ணியதும் புத்தகத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை என்றால் இது மாதம் மாறிய பதிவு இல்லை, பொருள் காணாமல் போகிறது அல்லது பில்கள் இருமுறை பதிவாகின்றன. இங்கே கணக்கை நீங்களே சரிக்கட்டி எழுதிவிடாமல், பதிவுகள் மாறுவதற்கு முன் தணிக்கையாளரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 3: ஒரே விகிதத்துக்கு மாறிய பிறகும் உச்ச மாதத்தில் அடக்க விலை ஏறுகிறது

மேற்செலவு விகிதத்தை 30 என்று நிலைப்படுத்திய பிறகு உச்ச மாதத்தில் 180க்குப் பதிலாக 192 வருகிறது என்றால், இதைக் கவனமாகப் பாருங்கள். முந்தைய முறையில் இதே மாதம் 177 என்று காட்டப்பட்டிருக்கும்; மந்த மாதத்து 225 என்ற எண்ணின் பக்கத்தில் அது சிறப்பான மாதமாகத் தெரிந்திருக்கும். பரந்து விரியும் மேற்செலவு தந்த இறக்கம் உண்மையான விரயத்தை மூடி மறைத்திருந்தது. என் அனுபவத்தில், பருவகாலத் தொழிலில் உண்மையான பணம் கசியும் இடம் உச்ச மாதமே. அதைத் தெரியவிடாமல் செய்வதுதான் மாத வகுத்தலின் பெரிய தீமை.

அந்த 12ஐ முதலில் இரண்டாகப் பிரியுங்கள். பொருள் 110 இருந்த இடத்தில் 116, கூலி 40 இருந்த இடத்தில் 46 என்று வைத்துக்கொள்வோம்.

பொருளில் எளிய சோதனை, ஒரு குடைக்கு எத்தனை மீட்டர் துணி ஆகிறது என்பதைப் பணத்தைத் தொடாமல் பார்ப்பது. மீட்டர் மாறாமல் மீட்டரின் விலை ஏறியிருந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்குவதால் ஏறிய பருவ விலை அது அல்லது அவசரக் கொள்முதலும் விரைவுப் போக்குவரத்தும் சேர்ந்த விலை. கொள்முதலை முன்னே நகர்த்தித்தான் தீர்க்க முடியும். விலை மாறாமல் மீட்டர் கூடியிருந்தால், விரயம் தளத்தில் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த தற்காலிகப் பணியாளர்கள் வெட்டும் மேசையில் நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களைக் கைப்பிடி பொருத்துதல், பொதியிடுதல் போன்ற இடங்களுக்கு மாற்றி, வெட்டும் மேசையில் பழைய ஆட்களை நிறுத்துவது செலவில்லாத முதல் திருத்தம்.

கூலியில் பெரும்பாலும் ஓவர்டைம்தான் காரணம். மொத்த வேலை நேரத்தில் 30 விழுக்காடு ஒன்றரை மடங்கு கூலிக்குச் செய்யப்பட்டால், சராசரிக் கூலி 15 விழுக்காடு ஏறி 40 என்பது 46 ஆகும். கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்திவிட்டால் ஆட்களின் வேகம் குறையவில்லை என்று பொருள். பொருந்தாமல் 46ஐத் தாண்டினால் ஒரு குடைக்கு ஆகும் நிமிடங்களும் கூடியிருக்கின்றன, அதற்கு இயந்திரப் பழுதையும் பொருளுக்குக் காத்திருந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மாலை 6 மணிக்கு மேல் தைத்த குடைகளின் மேல் மட்டும் ஓவர்டைம் கூடுதலை ஏற்றினால், தற்செயலாக அந்த நேரத்தில் தைக்கப்பட்ட வகை தேவையில்லாமல் விலை உயர்ந்ததாகத் தெரியும். பருவம் முழுவதற்குமான வேலைப் பளுவால் வந்த கூடுதலை எல்லாக் குடைகளின் மேலும் பரப்ப வேண்டும். ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளர் அவசரமாகக் கேட்டதால் வந்த கூடுதலை மட்டும் அந்த ஆர்டரின் மேல் வைக்க வேண்டும்.

ஓவர்டைமைக் குறைக்க, மந்த மாதத்திலேயே செய்து வைப்பது ஒரு வழி. அதன் செலவையும் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும். ஓவர்டைமில் செய்யும் குடைக்குக் கூலி 60, வழக்கமான நேரத்தில் 40, வேறுபாடு 20. மூன்று மாதம் முன்னதாகச் செய்தால் 150 பணம் மூன்று மாதம் முடங்கும். கடன் வட்டி மாதத்துக்கு 1 விழுக்காடு என்றால் 4.50 ஆகும். கிடங்கு, சேதம் இரண்டுக்கும் சேர்த்து 15.50க்குள் முடிந்தால் முன்கூட்டிச் செய்வது இலாபம். எந்த நிறமும் எந்த வகையும் விற்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த குடைகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். விற்காமல் தேங்கும் ஒரு குடை, மிச்சப்படுத்திய பல குடைகளின் 20ஐத் தின்றுவிடும்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: இரண்டு பருவங்கள் தொடர்ந்து ஓவர்டைம் அதே அளவில் இருந்தால், கூடுதல் இயந்திரம் வாங்குவதா, வெளியில் கொடுத்துச் செய்விப்பதா என்ற கேள்வி எழும். அது பெரிய முதலீடு. மந்த மாதங்களில் அந்த இயந்திரமும் சும்மா நின்று 30 என்ற விகிதத்தை உயர்த்தும். அந்தக் கணக்கை முதலீட்டு மதிப்பீடு தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து போடுங்கள்.

## அறிகுறி 4: தனிக் கணக்கில் நிற்கும் மீதி நேராகவில்லை

ஒரே விகிதத்துக்கு மாறிய பிறகு, குறைவாகவும் கூடுதலாகவும் ஏற்றிய தொகைகள் நிற்கும் கணக்கே உங்கள் எச்சரிக்கை மணி. அது ஆண்டின் நடுவில் பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. திட்டமிட்ட பாதையில் இருந்தால் போதும். ஆண்டு மந்த மாதங்களில் தொடங்கினால், நான்காவது மாத முடிவில் 7,20,000 பற்றாக்குறை, எட்டாவது மாத முடிவில் 12,00,000 பற்றாக்குறை, பன்னிரண்டாவது மாத முடிவில் பூஜ்யம் என்பதே பாதை. இந்தப் பாதையை முன்கூட்டியே வரைந்து வைக்காதவர்கள், எட்டாவது மாதத்தில் 12,00,000 தொகையைப் பார்த்துப் பதறி நடுவிலேயே விகிதத்தை உயர்த்திவிடுகிறார்கள்.

நான்காவது மாத முடிவில் பற்றாக்குறை 8,40,000 என்று இருந்தால், கூடுதலான 1,20,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 16,000க்குப் பதிலாக 14,000 குடைகளே செய்யப்பட்டிருந்தால், 2,000 குடைகளின் 30 ஆகிய 60,000 எண்ணிக்கைக் குறைவால் வந்தது. மேற்செலவு 12,00,000க்குப் பதிலாக 12,60,000 ஆகியிருந்தால், மற்ற 60,000 செலவு மீறலால் வந்தது. முதலாவது உச்ச மாதங்களில் ஈடாகிவிடக்கூடும். இரண்டாவது தானாகத் திரும்பாது, அதற்குக் காரணமான பில்லை உடனே தேட வேண்டும்.

கடினமான நிலை, பருவமே பொய்த்துப்போவது. ஆண்டில் 90,000 குடைகளே செய்யப்பட்டால் 9,00,000 ஏற்றப்படாமல் நின்றுவிடும். அதை எப்படியாவது குடைகளின் மேல் ஏற்றிவிட வேண்டும் என்று விகிதத்தை 40 ஆக்கினால், விற்காமல் கிடக்கும் குடைகளின் மதிப்பு புத்தகத்தில் ஏறி, இந்த ஆண்டின் இழப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 2 இதை அனுமதிப்பதில்லை. பல காலகட்டங்கள் அல்லது பருவங்களில் இயல்பான சூழலில் சராசரியாக எட்டக்கூடிய உற்பத்தியின் அடிப்படையில் நிலையான உற்பத்தி மேற்செலவை ஏற்ற வேண்டும், உற்பத்தி குறைந்ததால் ஏற்றப்படாமல் நிற்பதை அது ஏற்பட்ட காலத்தின் செலவாகவே எழுத வேண்டும் என்பது அதன் விதி. மாறாக உற்பத்தி வழக்கத்துக்கு மீறிக் கூடிவிட்டால், சரக்கிருப்பு உண்மையான அடக்கத்துக்கு மேல் மதிப்பிடப்படாதபடி ஒன்றின் மேல் ஏறும் தொகையைக் குறைக்கவும் அது சொல்கிறது. உங்கள் கணக்காண்டு மந்த மாதத்தில் முடிந்தால், இறுதி இருப்பை 225 என்று மதிப்பிட முடியாது என்பதற்கும் இதே விதிதான் காரணம்.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்: நிர்வாகத்தின் உள் பயன்பாட்டுக்கான மாதக் கணக்கில் இந்த மீதியை ஆண்டு முடிவு வரை சுமந்து செல்லலாம். காலாண்டு அல்லது அரையாண்டு அறிக்கையை வங்கிக்கோ முதலீட்டாளருக்கோ வெளியிடும்போது நிலைமை வேறு. ஐஏஎஸ் 34 தரத்தின்படி தயாரிக்கும் இடைக்கால அறிக்கையில், ஆண்டு இறுதியில் நேராகிவிடும் என்ற எதிர்பார்ப்பில் உற்பத்தி அளவால் வந்த வேறுபாட்டைத் தள்ளிவைப்பது ஏற்கப்படுவதில்லை; அமெரிக்கக் கணக்கியல் விதிகளோ, திட்டமிட்டதும் ஆண்டுக்குள் ஈடாகும் என்று எதிர்பார்க்கப்படுவதுமான வேறுபாட்டை இடைக்காலத்தில் தள்ளிவைக்க இடம் தருகின்றன. எந்த விதிமுறையின் கீழ் அறிக்கை தருகிறீர்கள் என்பதையும், இயல்பான உற்பத்தி 1,20,000 என்று எடுத்ததற்கு ஆதாரமான முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையையும் தணிக்கையாளரிடம் ஆண்டு முடிவதற்கு முன்பே கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இருப்பு எண்ணி முடித்த பிறகு விகிதத்தை மாற்றச் சொன்னால், எல்லாக் கிடங்குகளின் மதிப்பீட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.